பழைய பஞ்சாங்கம், பாலபாடம், பேப்பர்: திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மம்மாவின் றங்குப் பெட்டிக்குள் ஒரு பஞ்சாங்கம் கிடந்தது. மேலட்டை இல்லை. 'பராபவ வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?

பராபவ அறுபது வருடச் சுற்றில் நாற்பதாவது பெயர். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியதால் பராபவ 1906, 1966, 2026 என்று வரும். 2026 புதுக் கடதாசி, பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். மிச்சம் 1906ஆ 1966ஆ என்பதுதான். இரண்டுக்கும் மதிப்பில் நிறைய வித்தியாசம் இருப்பதால் அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். பஞ்சாங்கத்தில் தமிழ்த் தேதிக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் தேதியும் கிழமையும் அச்சிட்டிருக்கும். ஜூன் முதலாம் தேதி 1906இல் வெள்ளிக்கிழமை, 1966இல் புதன்கிழமை. அந்த ஒரு வரி கிழியாமல் இருந்தாலே போதும். தை, மாசி, பங்குனிப் பக்கங்களை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் அந்தப் பக்கங்களின் இங்கிலீஷ் தேதிகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குரியவை. 1967இன் கிழமையை 1966இன் கலண்டரில் தேடி, பொருந்தவில்லை என்று குழம்பியவர்கள் உண்டு.

கிழமைப் பக்கம் செல்லரித்துப் போயிருந்தால் சகாப்தத்தைத் தேடுங்கள். சாலிவாகன சகாப்தத்துடன் 78ஐக் கூட்டினால் அந்தச் சித்திரைக்குரிய இங்கிலீஷ் ஆண்டு வரும். 1888 என்று இருந்தால் 1966. இதில் ஒரு பொறி இருக்கிறது. '1888' என்ற எண்ணைக் கண்டதும் கி.பி. என்று நினைத்து, நூற்று முப்பது வருடப் பழசு என்று விலை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். கலியுக ஆண்டும் பக்கத்தில் இருக்கும், ஆனால் சிலர் சென்ற ஆண்டையும் சிலர் நடப்பு ஆண்டையும் போடுவதால் ஒன்று கூடிக் குறையும். அதை உறுதிப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உள்ளே இருக்கும் செய்திகள். திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். ரயில் நேர அட்டவணையில் நம் ஊர்ப் பெயர் இருந்தால் 1906 என்ற பேச்சுக்கே இடமில்லை. விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். 1966இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, போயா நாள்தான் வாராந்த லீவு. அந்தச் சில வருடங்களின் பஞ்சாங்கங்களிலும் கலண்டர்களிலும் இந்த ஏற்பாட்டின் அடையாளம் இருந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சரி, 1966 என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மதிப்பு இருக்கிறதா? அறுபது வருடம்தானே ஆகிறது.

இருக்கிறது. வயது ஒரு பக்கம் இருக்கட்டும், எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பஞ்சாங்கம் ஆயிரக்கணக்கில் அச்சாகிற பொருள். ஆனால் சித்திரை பிறந்ததும் பழையதற்கு வேலை இல்லை. மூலையில் துளைபோட்டு ஆணியில் தொங்கவிட்டதை எடுத்து அடுப்புக்கோ கடலுக்கோ கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். புராணப் புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிச் சாமியறையில் வைக்கிற வீட்டிலும் பஞ்சாங்கத்துக்கு ஒரு வருட ஆயுள்தான். அதனால் 1900இல் அச்சான ஒரு புராணம் மூன்று நான்கு வீடுகளில் கிடைக்கும்போது, 1966 பஞ்சாங்கம் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம்.

இங்கே இன்னொன்றும் சேர்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரனின் குண்டுவீச்சு, 1964 டிசம்பர் சூறாவளி, 1983க்குப் பிறகும் 1990இலும் நடந்த இடப்பெயர்வுகள், 2004 சுனாமி. ஒவ்வொரு முறையும் பெட்டியோடு போனது கடதாசிதான். ஓடும்போது உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுப்பார்கள், பஞ்சாங்கத்தை யார் எடுப்பார்கள்?

மிஞ்சியவற்றைப் பார்த்தால் ஒரு காரணம் அடிக்கடி தெரியும். யாரோ பிறந்த வருடப் பஞ்சாங்கமாக இருக்கும். சாதகம் கணிக்க வேண்டும் என்று வைத்தார்கள், அதனால் தப்பியது. ஓரத்தில் பென்சிலால் பிறந்த நேரம், நாழிகை, சில இடங்களில் தம்பலகாமத்து வயலில் விதைத்த நாள், கடன் கொடுத்த கணக்கு என்று எழுதியிருக்கும். அதை அழித்துச் சுத்தமாக்கி விற்க நினைக்காதீர்கள். என் கணக்கில் அந்தக் கையெழுத்து பிரதியின் மதிப்பைக் கூட்டுகிறது. ஆனால் பேரும் பிறந்த நேரமும் உள்ள பக்கத்தைப் படம்பிடித்து முகநூலில் போடவும் வேண்டாம். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

எங்களிடம் இருக்கிற பாலபாடத்தில் 'ஆறுமுகநாவலர் செய்தது' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அவர் காலத்துப் புத்தகம்தானே?

அநேகமாக இல்லை. நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார், 1879இல் காலமானார். அவருடைய பாலபாடங்கள் அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் திரும்பத் திரும்ப அச்சாகின. எல்லாவற்றிலும் அதே முகப்பு வாசகம்தான். ஆகவே ஆசிரியர் பெயரை விட்டுவிட்டு, எத்தனையாம் பதிப்பு, எந்த அச்சகம், எந்தத் தமிழ் வருடம் என்ற மூன்றையும் தேடுங்கள். வருடப் பெயர் மட்டும் இருந்தால் மேலே சொன்ன அறுபது வருடச் சிக்கல் இங்கேயும் வரும். உதாரணமாக 'பிரமாதி' என்றால் 1879, 1939 இரண்டுமே பொருந்தும்.

இதைத் தீர்க்கப் பக்க எண்ணைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருப்பது வழக்கம். பன்னிரண்டை ௰௨ என்று பத்துக்குரிய குறியோடு போட்டிருந்தால் பழைய முறை. ௧௨ என்று இருந்தால் புதிய இடமுறைக்கு மாறியது. 12 என்றே இருந்தால் பெரும்பாலும் பிந்தியது. இது முடிவான சாட்சி அல்ல, ஏனென்றால் பழைய பதிப்பை அப்படியே பார்த்துக் கோர்த்தவர்களும் இருந்தார்கள். கடதாசியோடு சேர்த்துப் பார்த்தால் ஏமாறமாட்டீர்கள்.

பாடப் புத்தகம் அரிதாவதற்கு வேறு காரணம். பிள்ளையின் கையில் கொடுத்த புத்தகம் மிஞ்சாது. முதலாம் பாலபாடம் தம்பிக்கும் தங்கச்சிக்கும் போய், கடைசியில் முன்னும் பின்னும் பத்துப் பக்கம் இல்லாமல் நிற்கும். மேல்வகுப்புக்குரிய நான்காம் பாலபாடம் நல்ல நிலையில் கிடைக்கிற அளவுக்கு முதலாம் பாலபாடம் கிடைக்காததற்கு அதுதான் காரணம். அரிச்சுவடி அதைவிட மோசம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று மெல்லிய சுவடி, அட்டையும் இல்லை. முழுசாக ஒன்று கண்டால், அது 1950களினதாக இருந்தாலும், விடாதீர்கள்.

1980இலிருந்து அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தவை நாடு முழுக்க ஒரே புத்தகமாக அச்சானவை. சேர்ப்பவர் பார்வையில் அவசரம் இல்லாத பகுதி அது.

எழுத்தைப் பார்த்தால் காலம் சொல்லலாம் என்கிறார்கள். யானைத் தும்பிக்கை 'லை' இருந்தால் 1978க்கு முன்பா?

தமிழ்நாட்டுப் புத்தகமென்றால் ஓரளவுக்கு ஆம். அங்கே 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. இங்கே அந்த ஆணைக்கு வேலை இல்லை. கையில் ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் அது தேயும்வரை பழைய ணை, லை, னை, றா வடிவங்களையே கோர்த்தன. ஆகவே இலங்கைப் பிரசுரத்தில் தும்பிக்கை எழுத்தைக் கண்டு 'எழுபத்தெட்டுக்கு முந்தியது' என்று சொல்ல முடியாது.

இதைவிட நம்பகமானது அச்சு எப்படிப் பதிந்திருக்கிறது என்பது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சைக் கடதாசியோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஈய எழுத்தில் அடித்த பக்கமாக இருந்தால் எழுத்துகள் கடதாசிக்குள் குழிந்திருக்கும். தாளைத் திருப்பினால் பின்புறம் மெல்லிய மேடாகத் தெரியும், விரல் நுனிக்கும் தட்டும். பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி, நடுவைவிட ஓரம் கறுப்பாக ஒரு விளிம்பு கட்டியிருக்கும். உடைந்த எழுத்தும், வரிசையிலிருந்து கொஞ்சம் ஏறி நிற்கிற எழுத்தும் அங்கங்கே வரும். ஒப்செட்டில் அச்சான பக்கம் மொழுமொழுவென்று இருக்கும், மை ஒரே அளவாகப் படிந்திருக்கும். போட்டோக் கொப்பியென்றால் எழுத்து கடதாசிக்கு மேலே பளபளவென்று நிற்கும், வெள்ளை இடத்திலும் தூசிபோலக் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும்.

இது எதற்கு உதவும் என்றால், பழைய புத்தகங்களைப் படம்பிடித்து மறுபதிப்பாக வெளியிடுகிறார்கள். முகப்பில் 1880 என்று அசல் ஆண்டு அப்படியே இருக்கும். புதிய முகப்புத்தாளைக் கிழித்துவிட்டால் பார்க்கிறவருக்கு அசல் போலவே தோன்றும். 1880இல் ஒப்செட் கிடையாது. டோர்ச் வெளிச்சத்தில் எழுத்து குழியவில்லை என்றால் கதை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: கல்லச்சிலும் எழுத்து குழியாது, அது 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் கல்லச்சில் பெரும்பாலும் கையெழுத்தின் சாயல் இருக்கும்.

1974ஆம் ஆண்டுப் பேப்பர் தொட்டால் உதிர்கிறது. அதைவிட நூறு வருடம் பழைய புத்தகம் வெள்ளையாக இருக்கிறது. அந்தப் புத்தகம் பொய்யோ?

பொய்யென்று அவசரப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கடதாசி பருத்தி, லினன் துணிக்கந்தலில் செய்தது. நார் நீளமானது, வளைத்தால் வளையும், எளிதில் பழுக்காது. பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் ஈரக் காற்றில் மெல்ல அமிலமாகி நாரை அறுக்கும். பத்திரிகைக் கடதாசி இன்னும் மலிவு. மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் லிக்னின் எடுபடாமல் நிற்கும், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகும். ஆகவே 1841இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் தொடங்கிய உதயதாரகையின் ஆரம்ப கால இதழ் ஒன்று, உங்கள் 1974ஆம் ஆண்டுப் பேப்பரைவிடத் தெம்பாக இருந்தால் வியப்பில்லை.

வாழைச்சேனைக் கடதாசியையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆலை 1950களில் தொடங்கி, வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. வைக்கோல் நார் குட்டையானது, அதனால் தாள் விறைப்பாக இருக்கும், ஆனால் மடிப்பில் சீக்கிரம் முறியும். எழுபதுகளின் அப்பியாசக் கொப்பி பழகிய கைக்கு அந்தத் தாள் உடனே தெரியும்.

மடித்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் மாதிரித் துண்டை மடித்துச் சோதிப்பது வழக்கம்தான், நம் பிரதிக்கு அது வேண்டாம். மூலையை விரலால் மெல்லத் தூக்கினால் போதும். தானாக வளைந்து தொங்கினால் உயிர் இருக்கிறது. அட்டைபோல விறைத்து நின்றால் அதைத் திறக்கும்போதே முறியும்.

தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகக் குறையும். புத்தகத்தை நடுவில் விரித்தால் தையல் பக்கம் வெளுப்பாக இருக்கும். சாயத் தாள் நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம், பக்கங்கள் நனைந்து காய்ந்ததால் நெளிந்தும் இருக்கும்.

எந்தப் பேப்பருக்கு மதிப்பு? சுதந்திர தினத்துப் பேப்பர் ஒன்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் மட்டுமல்ல, நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள், அதுதான் அதன் குறை. பெரிய நாள் என்று தெரிந்தே எடுத்து வைத்த பேப்பர் எந்த நாட்டிலும் அதிகம் மிஞ்சும். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைப் பேப்பர் கடலை சுற்றப் போனது. சேர்க்கிறவர் தேடுவது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.

வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. இரண்டும் பெரிய அளவில் அச்சான நாளிதழ்கள், தொகுதிகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஐம்பது அறுபதுகளின் தனி இதழ் ஒன்று கிடைத்தால் மகிழலாம், ஆனால் அரிது என்று சொல்லமாட்டேன். இணைப்பிதழ், சிறுவர் பக்கம், படக்கொட்டகை விளம்பரம் எல்லாம் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தால்தான் பேச்சு.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் கதை வேறு. 1959இல் தொடங்கிய ஈழநாட்டின் அலுவலகம் 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தது. பத்திரிகை வைத்திருந்த இடமும் அதைச் சேர்த்து வைத்திருந்த நூலகமும் ஒன்றாகப் போனால் என்ன மிஞ்சும்? வெளியூருக்கு அனுப்பியவைதான். திருகோணமலையில் யாராவது வாங்கி, அலுமாரித் தட்டுக்கு விரித்த, பள்ளிக் கொப்பிக்கு உறை போட்ட ஒரு தாள், அந்த நாளின் பேப்பராக எஞ்சிய சிலவற்றில் ஒன்றாக இருக்கலாம். அலுமாரியைத் துடைக்கும்போது அடியில் விரித்திருப்பதன் தேதியை ஒருமுறை வாசியுங்கள். 1930இலிருந்து 1958 வரை சுன்னாகத்திலிருந்து வந்த ஈழகேசரிக்கும் இதே பார்வைதான். அதில் ஒரு வருடத்துத் தொடர்ச்சியான இதழ்கள், பத்துத் தனி இதழ்களைவிடப் பெறுமதியானவை.

அரிதா இல்லையா என்று வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது?

noolaham.org தளத்தில் இதழின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். 2005இலிருந்து ஈழத்துப் பிரசுரங்களை அங்கே மின்வடிவாக்கி வருகிறார்கள். உங்கள் இதழ் அங்கே இருந்தால் குறைந்தது ஒரு பிரதியாவது வேறெங்கோ தப்பியிருக்கிறது. இல்லாவிட்டால் அது உலகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் விற்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். விற்றாலும் அதற்கு முன்னால் மின்வடிவாக்கக் கொடுங்கள். படம் எடுத்ததால் அசலின் விலை குறையாது, வாங்குகிறவருக்கு வேண்டியது தாள்.

நூலக முத்திரை இருந்தால் அது எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோ கடிதமோ இல்லாத பிரதியை நான் தொடுவதில்லை.

உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. எப்படி வைப்பது?

முதலில் கம்பியைக் கழற்றுங்கள். உப்புக் காற்றில் ஸ்டேபிள் துருப்பிடித்து, துரு கடதாசியைச் சுற்றி அரித்துப் பொட்டுப் பொட்டாக விழவைக்கும். பின்புறத்து இரண்டு காலையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூல் கோர்த்துக் கட்டலாம்.

லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை, அமிலம் உள்ளேயே வேலை செய்யும். செலோடேப்பும் அப்படித்தான். பசை மஞ்சளாகி மறுபக்கம் ஊறும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரிக்காலத்தில் பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், வெளிச்சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். பூஞ்சணம் கண்டால் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே தேய்ந்துவிடும். நிழலில் காற்றோட்டமாக நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். இராமபாணப் பூச்சிக்கு, காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி உறைகுளிரில் இரண்டு கிழமை வைத்து, எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுக்க அதில் படியும்.

வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் விலை சொல்வீர்களா?

முகப்பை மட்டும் அனுப்பினால் சொல்லமாட்டேன். முகப்பு, கடைசிப் பக்கத்தில் அச்சகப் பெயர் இருக்கிற இடம், டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த ஒரு பக்கம், நடுவில் விரித்துத் தையல் தெரிய எடுத்த படம், எத்தனை பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கங்கள் இல்லை என்ற கணக்கு, இவ்வளவும் வேண்டும். அதன் பிறகும் விலையாகச் சொல்வதைவிட, யாருக்கு இது தேவைப்படும் என்றுதான் சொல்வேன். பழைய பஞ்சாங்கத்துக்கு இங்கே நிலையான சந்தை கிடையாது. போத்தல் பேப்பர்காரர் கிலோக் கணக்கில் கேட்பார், ஆய்வு செய்கிறவர் அந்த ஒரு வருடத்துக்காகவே வந்து நிற்பார். அட்டை இல்லாத பஞ்சாங்கத்துக்கு நான் முழுப் பிரதியின் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. ஓரத்தில் கையெழுத்து இருந்தால் மட்டும் அந்தக் கணக்கை மாற்றுவேன்.